ஓசியே தே என்று பாடிய பெண்

எங்கள் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். பர்மியர்கள் 'திம்போதா' என்று சொல்வார்களே, அந்தக் கப்பல்காரர் கூட்டத்தில் ஒருவர். யாங்கோனில் போட்டாதாங் பகுதியில் எங்கள் வீடு. படகுத்துறை நடக்கிற தூரம்தான். 1996 டிசம்பரில் அவர் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. வரும்போது ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். அதில் ஒரு கார்ட்டூன். அதன் முன்பாட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆனால் எந்தக் கார்ட்டூன், எந்த மொழி என்று முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாட்டு தெரியவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் விட்டிருப்போம். ஜனவரியில் கப்பலேறின சித்தப்பா திரும்பி வரவில்லை. ஒரு போஸ்ட் கார்டு வந்தது, அதோடு சரி. எந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கினார், எங்கே தங்கிவிட்டார், ஒன்றும் தெரியாது. அந்த கேசட்டை எந்த ஊரில் வாங்கினார் என்பது மட்டும் தெரிந்தால் அவர் போய்வந்த பாதையாவது தெரியும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. கேசட்டும் இல்லை. யாங்கோன் மழைக்காலத்தில் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதைப் போட்டால் டெக்கின் ஹெட்டும் அடைத்துக்கொள்ளும். அப்படித்தான் ஒரு மழையில் அதைத் தூக்கிப் போட்டார்கள்.

ஆக, கையில் இருந்தது நினைவு மட்டும்தான்.

போன வருஷம் சிங்கப்பூரில் எங்கள் பிளாக் கீழே விளையாட்டுத் திடலில் மகளை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் அந்தப் பாட்டை முனகினேன். "என்ன பாட்டுப்பா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிரவே போட்டாதாங்குக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா, அக்கா, நான், மூன்று பேரும் ஒரு மணி நேரம் பேசினோம்.

அதுதான் நான் செய்த முதல் தப்பு.

இந்த மாதிரி தேடலில் ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். சேர்ந்து பேசினால் ஒருவர் சொன்னது இன்னொருவர் நினைவில் போய் ஒட்டிக்கொள்ளும். அக்கா "ஒரு பையனும் நாயும் பால் வண்டி இழுத்துட்டுப் போவாங்க" என்று சொன்ன பத்தாவது நிமிஷம் எனக்கும் பால் வண்டி தெரிய ஆரம்பித்துவிட்டது. கறந்த பால் குடம் பளபளப்பது வரைக்கும் தெரிந்தது! ஆனால் கால் பேசுவதற்கு முன்னால் நான் நோட்டில் எழுதி வைத்திருந்த ஐந்து வரியில் பால் வண்டியே இல்லை. நல்லவேளை, அந்த நோட்டு இருந்தது.

அந்த ஐந்து வரியை அப்படியே சொல்கிறேன். ரொம்ப நீளமான கயிற்றில் ஊஞ்சல். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியாது, ஆகாயத்திலிருந்து தொங்கும். ஊஞ்சலிலிருந்து அந்தப் பெண் மேகத்தின் மேல் தாவி உட்கார்ந்து போவாள். அவளும் ஒரு பையனும் கைகோத்துக் குதித்துக் குதித்து ஆடுவார்கள். வெள்ளை ஆட்டுக்குட்டி. பாட்டின் நடுவில் யாரோ தொண்டை உடைந்து கத்துவார்கள்.

அக்காவின் பட்டியலில் ஊஞ்சல் இருந்தது, ஆடு இருந்தது, சோம்பேறி நாய் ஒன்று இருந்தது, அப்புறம் அந்தப் பால் வண்டி நாய். அப்பா படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரலைப் பற்றி மட்டும் சொன்னார்: "சந்திரபாபு பாடுற மாதிரி இருக்கும்டா. குரல் டக்குனு மேல ஏறி உடையும்."

சந்திரபாபுவா, குழந்தைகள் பாட்டில்? சிரித்துவிட்டேன். ஆனால் எங்கள் மூன்று பேரில் உருப்படியான தகவலைச் சொன்னது அப்பாதான். ஜே.பி. சந்திரபாபு தமிழ் சினிமாவில் செய்தது யோடல். மார்பிலிருந்து வரும் கனத்த குரலிலிருந்து மெல்லிய பொய்க்குரலுக்கு ஒரே தாவலாகத் தாவுவது. சாதாரணமாகப் பாடகர்கள் அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் இருக்கிற ஒட்டு தெரியாமல் மறைப்பார்கள். யோடல் பாடுகிறவர்கள் அந்த ஒட்டைத்தான் வேண்டுமென்றே காட்டுவார்கள். இது ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் பாட்டு முறை. நான் 'தொண்டை உடைந்து கத்துவார்கள்' என்று எழுதியதும் அதேதான். எனக்கு அதற்கான சொல் தெரியவில்லை, அப்பாவுக்கு ஆளைத் தெரிந்திருந்தது.

யோடல், ஊஞ்சல், மேகம், ஆடு. இந்த நாலையும் சேர்த்துத் தேடியதும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது: 'ஆல்ப்ஸின் சிறுமி ஹைடி'. 1974இல் ஜப்பானில் ஒளிபரப்பான அனிமே, 52 பாகம். இயக்கியவர் இசாவோ தகஹாதா. அப்போது பெரிய பெயர் எடுத்திராத ஹயாவோ மியாசாகி காட்சி அமைப்பு வரைந்திருக்கிறார். சுவிட்சர்லாந்தின் யோகன்னா ஸ்பைரி எழுதிய நாவல்தான் மூலக்கதை. ஊஞ்சல் படம் ஒன்று திரையில் வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அதேதான். அக்காவுக்கு அனுப்பினேன். "ஐயோ தம்பி, ஊஞ்சல் பாப்பா!" என்று பதில் வந்தது. அப்படித்தான் அவளை நாங்கள் கூப்பிடுவோம்.

நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் ஒரு தோழி இந்த நாவலை இரண்டு தடவை படித்தவள். "ஹைடியில நாயே கிடையாதே, உங்க அக்கா சொல்றது வேற ஏதோ" என்று அடித்துச் சொன்னாள். அதை நம்பி ஒரு வாரம் வேறு பக்கம் தேடினேன். நாவலில் நாய் இல்லைதான். அனிமேயில் தாத்தா வீட்டு வாசலில் யோசெஃப் என்று ஒரு பெரிய செயின்ட் பெர்னார்ட் நாயைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். சும்மா படுத்திருக்கும், நத்தை கிடைத்தால் தின்னும். அக்கா சொன்ன சோம்பேறி நாய் அதுதான். பால் வண்டி நாய் வேறு. அது அடுத்த வருஷம், 1975இல், வந்த 'பிளாண்டர்ஸின் நாய்' என்ற தொடரின் நாய். அக்கா அதைப் பின்னால் எங்கேயோ பார்த்திருக்கிறாள், நினைவில் இரண்டும் கலந்துவிட்டன. கலந்ததற்குக் காரணமும் உண்டு. இரண்டு தொடரின் முன்பாட்டுக்கும் இசை தகேயோ வதனாபே, பாட்டெழுதியவர் எரிகோ கிஷிதா. அந்த நாய்த் தொடரின் முன்பாட்டைப் பாடிய குமிகோ ஓசுகிதான் ஹைடியின் முடிவுப் பாட்டையும் பாடியவர். காதுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

சரி, கார்ட்டூன் கிடைத்தாயிற்று. பாட்டும் கிடைத்த மாதிரிதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கார்ட்டூனின் படம் ஒன்றுதான், ஆனால் அது போன ஊரிலெல்லாம் பாட்டு வேறு. டப்பிங் செய்கிற ஒவ்வொரு நாட்டுக்காரரும் முன்பாட்டை என்ன செய்வது என்று அவரவர் இஷ்டத்துக்கு முடிவு செய்வார்கள். சிலர் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மட்டும் மாற்றுவார்கள். சிலர் மெட்டையே தூக்கிவிட்டு உள்ளூர் இசையமைப்பாளரிடம் புதுப் பாட்டு வாங்குவார்கள். நம் ஊரிலேயே பாருங்கள், 1993இல் தூர்தர்ஷனில் வந்த 'ஜங்கிள் புக்' ஜப்பானில் செய்த அனிமேதான். ஆனால் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு அதன் பாட்டு என்றால் குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்திப் பாட்டுதான். ஜப்பான் குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே நினைவில் இருக்கிற காட்சி நம்மைத் தொடர் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதைக் குரல்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியதும் நாடுதான்.

அப்பாவிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. கேசட்டில் பனி மலை இருந்ததால் சித்தப்பா சுவிட்சர்லாந்தில் இருக்கிறார் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா, சுவிட்சர்லாந்துக்குக் கடலே இல்லையே, கப்பல் எங்கே போய் நிக்கும்?" என்று கேட்டால் கோபம் வரும்.

ஹைடியின் முன்பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தோம். இந்தத் தடவை தனித்தனியாக. நான் முன்கூட்டியே மூன்று கேள்வி எழுதி அக்காவுக்கும் அப்பாவுக்கும் அனுப்பி, பதில் வந்த பிறகுதான் பாட்டை அனுப்பினேன். பாடினது குழந்தையா பெரியவரா? ஒரு குரலா, இரண்டு குரலா? பாட்டு எப்படி ஆரம்பிக்கும்?

பெரியவர் என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை. "எம்.எஸ். ராஜேஸ்வரி மாதிரி, பெரிய பொம்பளை சின்னப் பிள்ளையா பாடுறது" என்று எழுதியிருந்தாள் அக்கா. நான் ஒரு குரல் என்றேன். அக்கா இரண்டு என்றாள். ஆரம்பத்தில் எருமை கத்துகிற மாதிரி ஒரு ஊதல் என்று அப்பா.

இரண்டு பெண் குரல், யோடல் என்றதும் ஜெர்மன் பதிப்பு பொருந்துகிற மாதிரி இருந்தது. 1977இல் ஜெர்மன் டி.வி.யில் வந்தபோது கிறிஸ்டியன் புரூன் என்பவர் புது மெட்டுப் போட்டார். பாடியது கிட்டி, எரிகா என்ற இரண்டு பெண்கள். அக்கா ஒரு நாள் முழுக்க "நான்தான் சொன்னேன்ல" என்று கொண்டாடினாள். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. பாட்டு எனக்குப் புதிதாக இருந்தது என்பது ஒன்று. ஆனால் முப்பது வருஷம் ஆனதில் என் காதையே நான் நம்பவில்லை. வேறு ஆதாரம் வேண்டும். இரண்டாவது தடவை கேட்டபோது கிடைத்தது. ஜெர்மன் பாட்டு எடுத்ததுமே அந்தப் பெண்ணின் பெயரைத்தான் கூப்பிடும், திரும்பத் திரும்ப. அதை நூறு தடவை கேட்ட குழந்தைகளுக்கு அவள் பெயர் மறக்குமா? நாங்கள் அவளை ஊஞ்சல் பாப்பா என்றுதானே கூப்பிட்டோம்! பாட்டில் பெயர் இருந்திருந்தால் அந்தப் பட்டப்பெயரே பிறந்திருக்காது. இத்தாலியப் பாட்டும் அதே ஜெர்மன் மெட்டில் வந்ததுதான். இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டேன். நினைவில் இல்லாத ஒன்றும் சாட்சி சொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து மெட்டை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. போனில் முனகினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தருகிற தேடல் வசதி இருக்கிறதே, அதில் பத்துப் பதினைந்து விநாடி முனகினேன். இரண்டு தடவை சம்பந்தமில்லாத பாட்டு வந்தது. மூன்றாவது தடவை ஸ்பானியப் பாட்டு ஒன்று வந்தது. போட்டுக் கேட்டால் அதே மெட்டு! உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவசரப்பட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இது இரண்டாவது தப்பு. முதல் தப்பை விடப் பெரியது.

அப்பா பத்து நாள் ஸ்பெயினிலேயே இருந்தார். பேரன் வரைபடத்தில் பார்சிலோனா, வலென்சியா என்று துறைமுகங்களைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் நோட்டில் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். "அங்கே எல்லாம் நல்ல வெயில் ஊராம், அவனுக்குக் குளிர் ஆகாது, அதான் தங்கிட்டான்" என்று அக்காவிடம் சொன்னாராம். அம்மா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாள்.

முனகித் தேடுவது மெட்டை மட்டும்தான் பார்க்கும். ஏறுகிறதா இறங்குகிறதா, எத்தனை படி, எவ்வளவு நேரம், அவ்வளவுதான். என் முனகலில் மொழி இல்லை, குரலும் இல்லை. ஸ்பானியர்கள் 1975இல் தொடரை வாங்கியபோது வதனாபேயின் மெட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஸ்பானிய வார்த்தை போட்டார்கள். அப்படியென்றால் ஜப்பானிய மூலத்துக்கும் ஸ்பானியப் பாட்டுக்கும் மெட்டு ஒன்று. மெட்டை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஸ்பானியப் பாட்டு மேலே வந்தது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. வேலையில் இந்த மாதிரி தப்பை ஜூனியர் பையன் செய்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

பிரித்துக் காட்டுவது எது என்று உட்கார்ந்து யோசித்தேன். எழுத்து? முன்பாட்டின்போது திரையில் பெயர்கள் ஓடும். அக்கா இங்கிலீஷ் எழுத்து என்றாள், அப்பா சீன எழுத்து என்றார். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டெக்கைப் பற்றி யோசித்தபோது கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எங்கள் வீட்டு டெக்கும் டி.வி.யும் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பழசாக வாங்கிய ஜப்பான் சாமான்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த டெக் ஒரே ஒரு முறையில் பதிந்த கேசட்டைத்தான் ஒழுங்காகக் காட்டும். பழைய டி.வி. உலகத்தில் நாட்டுக்கு நாடு முறை வேறு. ஜப்பானும் பர்மாவும் என்.டி.எஸ்.சி. என்ற முறை. இந்தியா, சிங்கப்பூர், ஜெர்மனி, ஸ்பெயின் எல்லாம் பால் என்ற முறை (மாட்டுப் பால் இல்லை). கோடுகளின் எண்ணிக்கையே வேறு, 525, 625 என்று. சொந்தக்காரர்கள் மெட்ராஸிலிருந்து கொண்டுவரும் சினிமா கேசட்டைப் போட்டால் எங்கள் டி.வி.யில் படம் கோடு கோடாக உருளும். அதைத் தூக்கிக்கொண்டு எல்லா முறையும் ஓடுகிற டெக் வைத்திருந்தவர் வீட்டுக்குப் போவோம். ஊஞ்சல் பாப்பாவை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். பச்சைப் புல், சிவப்புச் சட்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் அது ஸ்பெயினில் விற்ற கேசட்டாக இருக்க முடியாது.

இருந்தாலும் யாராவது ஸ்பானியப் பதிப்பை வேறு முறைக்கு மாற்றிப் பதிந்து விற்றிருந்தால்? கள்ளப் பதிவுகளுக்குக் கணக்கா வழக்கா. கேசட்டைப் பற்றிய ஆதாரம் பாட்டைப் பற்றிய ஆதாரம் ஆகாது. பாட்டுக்குள்ளிருந்தே ஒன்று வேண்டும்.

அது எங்கள் வீட்டு முறுக்கு டப்பாவில் இருந்தது.

சின்ன வயதில் அக்காவும் நானும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருத்தர் கையில் முறுக்கு. மற்றவர் மூன்று தடவை பாட்டாகக் கேட்க வேண்டும். மூன்றாவது தடவை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். கேட்கிற பாட்டு, "ஓசியே தே". ஓசியில் கொடு என்று அர்த்தம், நாங்கள் வைத்துக்கொண்ட அர்த்தம். அக்காவின் மகனும் என் மகளும் இன்றைக்கும் விளையாடுகிறார்கள். போன மாதம் என் மகள் பிஸ்கட்டுக்காக இதைப் பாடிக்கொண்டு ஓடியபோதுதான் சட்டென்று உறைத்தது: இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

ஜப்பானியப் பாட்டின் தலைப்பே 'ஓஷியெத்தே'. 'எனக்குச் சொல்லிக்கொடு' என்று அர்த்தம். ஒரு குழந்தை தாத்தாவிடம் உலகத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிற பாட்டு. ஒவ்வொரு அடியின் முடிவிலும் அந்தச் சொல் மூன்று தடவை வரும். இரண்டு தடவை தாத்தாவிடம், மூன்றாவது தடவை மலை மேல் இருக்கிற மரங்களிடம்.

மூன்று தடவை!

போட்டுக் கேட்டேன். முதலில் நீண்ட ஆல்ப்ஸ் கொம்பு ஒன்று ஊதுகிறது (அப்பாவின் எருமை). பிறகு யோடல். பிறகு அந்தக் குரல். பாடியவர் கயோகோ இஷு. ஸ்டூடியோவில் வார்த்தையில்லாமல் ராகமாக இழுத்துப் பாடுவதற்குப் பேர்போனவர். 1974இல் அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. குழந்தை மாதிரி கீச்சென்று பாடவில்லை, பெரியவர் குரலிலேயே குழந்தையின் ஆச்சரியத்தை வைத்திருக்கிறார். யோடல் பாடியது அவரில்லை, நெல்லி ஷ்வார்ட்ஸ் என்ற இன்னொரு பெண். அக்கா இரண்டு குரல் என்றதும் சரி, நான் ஒரு குரல் என்றதும் சரி. அவள் யோடலையும் எண்ணினாள், நான் வார்த்தை பாடுகிறவரை மட்டும் எண்ணினேன். அந்த மூன்று இடம் வந்தபோது என் வாய் தானாக 'ஓசியே தே' என்று சேர்ந்து பாடியது. ஸ்பானியப் பாட்டில் அந்த இடங்களில் வேறு ஸ்பானியச் சொல் வருகிறது. அதை எப்படித் திருகினாலும் ஓசி வராது.

தப்பாகக் கேட்ட வார்த்தையைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதை ஏன் எழுதவில்லை என்றால், அது நாங்களே உண்டாக்கிய விளையாட்டு என்று நினைத்துவிட்டோம், பாட்டோடு சேர்ந்தது என்று தோன்றவே இல்லை. காட்சி முப்பது வருஷத்தில் பக்கத்து வீட்டு நாயோடு கலந்துவிட்டது. எழுத்தை ஆளுக்கொரு மாதிரி மாற்றிவிட்டோம். அர்த்தம் தெரியாமல் பிடித்துக்கொண்ட நாலு எழுத்துச் சத்தம் மட்டும் முறுக்குக்காகத் தினமும் புழங்கியதால் அப்படியே இருந்திருக்கிறது. நீங்கள் யாராவது இப்படி ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தால், வீட்டில் அர்த்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்த உளறல் ஏதாவது உண்டா என்று அண்ணன் தம்பியிடம் முதலில் கேளுங்கள்.

அப்பாவிடம் சொல்ல பயமாக இருந்தது. ஸ்பெயினை அவரிடமிருந்து பிடுங்க வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் போட்டேன். போட்டாதாங்கில் கரண்ட் இல்லை. அக்கா போன் வெளிச்சத்தில் அப்பா முகத்தைக் காட்டினாள். ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டேன். கொம்பு ஊதியதுமே அப்பா கையை உயர்த்தினார், பேசாதே என்கிற மாதிரி. முழுக்கக் கேட்டார். முடிந்ததும் "இன்னொரு தரம் போடு" என்றார்.

ஜப்பான் பாட்டு என்று சொன்னேன். இது கேசட் எங்கே செய்தது என்பதைத்தான் சொல்லும், சித்தப்பா அதை எங்கே வாங்கினார் என்று சொல்லாது, கப்பலில் கூட வேலை பார்த்தவர்கூடக் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னேன். இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அப்பா அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"அந்த மலை," என்றார். "அது கார்ட்டூன்ல பார்த்ததுன்னு இத்தனை நாளா நினைச்சேன். அவன் சொன்னதுடா. கப்பல் உள்ள வர்றப்பவே பனி மூடின ஒத்தை மலை தெரியும்ணே, படம் வரைஞ்ச மாதிரி இருக்கும்னான். கார்ட்டூன்ல ஒத்தை மலை இல்லையே, வரிசையாத்தானே இருக்கு."

நான் பதில் சொல்லவில்லை. ஜப்பானில் ஷிசுவோகா பக்கம் ஷிமிசு என்று ஒரு துறைமுகம் உண்டு. அங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் ஃபூஜி மலை தனியாக நிற்பது தெரியும். அது எனக்குத் தெரியும். ஆனால் பனி மூடின ஒத்தை மலை தெரிகிற துறைமுகம் உலகத்தில் ஒன்றுதானா என்ன. அதோடு, இந்த மலையும் அப்பாவின் நினைவில் பிறகு வந்து ஒட்டியதா என்று யார் கண்டது?

"சித்தப்பா போட்ட கார்டு எங்கப்பா?" என்று கேட்டேன்.

அப்பத்தாவின் தகரப்பெட்டியில் இருக்கும் என்றாள் அக்கா. ஸ்டாம்பை யாரும் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த வயதில் நான் எல்லா ஸ்டாம்பையும் கிழித்து நோட்டில் ஒட்டுவேன், அதையும் சொன்னாள். பெட்டி பரண் மேல் இருந்தது, இருட்டில் ஏற முடியாது. கரண்ட் வரட்டும் என்று காத்திருந்தோம். போனை அப்படியே வைத்துக்கொண்டு அப்பா முனகிக்கொண்டிருந்தார், யோடல் வருகிற இடத்தை மட்டும், சந்திரபாபு மாதிரியே. கொஞ்ச நேரத்தில் தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்துவது கேட்டது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.